வீடு ஒன்று, கணக்கு இரண்டு: விலைவாசி எந்தப் பக்கம் இருக்கிறது?

கேள்வி: கானாடுகாத்தானில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டைப் பழுதுபார்த்து, விருந்தினர் தங்கும் விடுதியாக எட்டு ஆண்டுகள் நடத்த நினைக்கிறேன். முதலீடு 50 லட்சம் ரூபாய். திட்ட அறிக்கை எழுதிக் கொடுத்தவர், 5 லட்சத்துக்கு மேல் நட்டம் வரும், வேண்டாம் என்கிறார். கடன் வாங்கித் தருவதாகச் சொல்லும் தரகர் அதே வீட்டுக்கு 17 லட்சம் லாபம் காட்டுகிறார். இரண்டு அறிக்கைகளையும் அனுப்பியிருக்கிறேன். யாரை நம்புவது ஐயா?

பதில்: இருவரையும் நம்ப வேண்டாம். அறிக்கை எழுதியவர் கவனக்குறைவில் தவறியிருக்கிறார். தரகர் தவறியது கவனக்குறைவில்தானா என்று எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

முதல் அறிக்கையின் நான்காம் பக்கத்தைப் பாருங்கள். முதல் ஆண்டில் ஓர் அறைக்கு நாள் வாடகை 4,000 ரூபாய். விரலை அப்படியே வலப்பக்கம் நகர்த்திக்கொண்டு போனால் எட்டாம் ஆண்டிலும் 4,000. சமையல் ஆளின் சம்பளம், மின்கட்டணம், ஓடு மாற்றும் கொத்தனார் கூலி எல்லாமே எட்டு ஆண்டுகளும் ஒரே தொகை. ஆக, செலவு போக ஆண்டுக்கு 9 லட்சம் மிச்சம் என்று அவர் எழுதியிருப்பது இன்றைய விலையில் போட்ட மதிப்பீடு. அதில் தவறில்லை. எட்டு ஆண்டு கழித்து ஒரு சாப்பாடு என்ன விலை விற்கும் என்று ஜோசியம் சொல்வதைவிட இது நேர்மையான வழி.

தவறு அடுத்த வரியில் இருக்கிறது. அந்த 9 லட்சங்களை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர அவர் 12 சதவீதத்தால் கழித்திருக்கிறார், அதாவது தள்ளியிருக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒருமுறை 1.12-ஆல் வகுத்திருக்கிறார். அந்த 12 எங்கிருந்து வந்தது? வங்கி கேட்கும் வட்டியும், உங்கள் சொந்தப் பணத்துக்கு நீங்கள் எதிர்பார்க்கும் வரவும் கலந்து வந்தது. எண்ணில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் அது விலைவாசி ஏற்றத்தையும் உள்ளே வைத்துக்கொண்டிருக்கும் வீதம். கடன் கொடுப்பவர் 12 கேட்கும்போது, திரும்பி வரும் ரூபாய்க்கு வாங்கும் சக்தி குறைந்திருக்கும் என்பதையும் சேர்த்துத்தான் கேட்கிறார். பர்மாவரை போய் வட்டித் தொழில் நடத்திய ஊரில் இதை நான் விளக்க வேண்டியிருப்பது காலத்தின் கோலம்.

இப்படிப் பாருங்கள். 100 ரூபாயை 12 வட்டிக்குக் கொடுக்கிறீர்கள். ஆண்டு முடிவில் 112 வருகிறது. அதற்குள் 100 ரூபாய்ச் சாமான் 105 ஆகிவிட்டது. உங்கள் கையில் இருக்கும் 112 ரூபாய், இன்றைய விலைக்கு எவ்வளவு பெறும்? 112-ஐ 1.05-ஆல் வகுத்தால் 106.67. விலைவாசி தின்றது போக நீங்கள் உண்மையில் சம்பாதித்தது 6.67 சதவீதம். இதைத்தான் மெய் வட்டி வீதம் என்கிறோம். 12 என்பது பெயரளவு வீதம். பலரும் 12-இல் 5 போனால் 7 என்று கழித்துவிடுகிறார்கள். கழிக்கக் கூடாது, வகுக்க வேண்டும். கணினியில் போடுவதென்றால் இவ்வளவுதான்:

```
=1.12/1.05-1
```

விதியும் ஒன்றே ஒன்றுதான். வரவையும் செலவையும் இன்றைய விலையில் எழுதினால் மெய் வீதத்தால் கழியுங்கள். அந்தந்த ஆண்டு விலையில், ஏற்றத்தோடு எழுதினால் பெயரளவு வீதத்தால் கழியுங்கள். விலைவாசி இரண்டு பக்கமும் இருக்கலாம், இரண்டு பக்கமும் இல்லாமல் இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் இருக்கக் கூடாது.

சரியாகச் செய்தால் இரண்டு வழியும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். உங்கள் முதல் ஆண்டை எடுத்துக்கொள்வோம். இன்றைய விலையில் 9 லட்சம், அதை 1.12/1.05-ஆல், அதாவது ஏறத்தாழ 1.0667-ஆல், வகுத்தால் 8,43,750 ரூபாய். மற்ற வழியில், 5 சதவீதம் ஏறிய பிறகு முதல் ஆண்டு வரவு 9,45,000, அதை 1.12-ஆல் வகுத்தால் அதே 8,43,750. எட்டாம் ஆண்டுக்கும் இப்படியே. ஏறிய வரவு ஏறத்தாழ 13 லட்சத்து 30 ஆயிரம் என்று பெரிதாகத் தெரியும், ஆனால் எந்த வழியில் கொண்டுவந்தாலும் இன்றைக்கு அது 5 லட்சத்து 37 ஆயிரம்தான். அறிக்கைக்காரர் போட்ட கலப்படக் கணக்கில் அதே எட்டாம் ஆண்டு 3 லட்சத்து 63 ஆயிரமாகச் சுருங்கியிருக்கிறது. தூரம் போகப் போகத் தவறு வளரும்.

எட்டு ஆண்டுகளையும் கூட்டினால் அவருக்குக் கிடைத்தது 44.71 லட்சம். 50 போட்டதில் 5.29 லட்சம் நட்டம். சரியான கூட்டல் 54.44 லட்சம், அதாவது 4.44 லட்சம் மிச்சம்.

இனி தரகர். இவர் அறை வாடகை, செலவு எல்லாவற்றையும் ஆண்டுக்கு 5 சதவீதம் ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார். அதுவும் சரி. ஆனால் கழிக்கும்போது மட்டும் 6.67 சதவீதத்தை எடுத்துக்கொண்டார். 'மெய் வட்டி வீதம்' என்று தடித்த எழுத்தில் வேறு போட்டிருக்கிறார். விலைவாசி ஏற்றத்தால் வந்த வரவை முழுசாக வாங்கிக்கொண்டு, அதே விலைவாசி பணத்தை அரிப்பதைக் கணக்கில் காட்டவில்லை. 54 லட்சமாக இருக்க வேண்டியது 67.12 லட்சமாக ஊதிப்போனது அப்படித்தான். கடன் தொகையில் இத்தனை சதவீதம் என்று கூலி பேசிக்கொண்டு வருபவரிடம் இந்த வகைத் தவறு எப்போதும் ஒரே திசையில்தான் நடக்கும். குறைத்துக் காட்டும் தவறை இவர்கள் செய்து நான் பார்த்ததில்லை. 'மெய்' என்ற சொல்லைப் பார்த்து மெய்யென்று நம்பிவிடாதீர்கள். பக்கத்திலேயே வரவுப் பட்டியல் இருக்கும். கடைசி ஆண்டு வரவு முதல் ஆண்டைவிடக் கூடியிருந்து, கழிக்கும் வீதம் வங்கி வட்டியைவிட வெகுவாகக் குறைந்திருந்தால் அறிக்கையை மூடிவிட்டு எழுந்து வாருங்கள். ஐந்தொகை போடத் தெரியாதவர்கூட இந்தச் சோதனையைச் செய்துவிடலாம்.

வங்கிகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. நான் பார்த்த விண்ணப்பப் படிவங்களில் ஆண்டு வாரியாகக் கட்டங்கள் இருந்தன. அவற்றில் எழுதும் தொகை இன்றைய விலையா, அந்தந்த ஆண்டு விலையா என்று சொல்ல ஒரு வரி இல்லை. முன்பு ஆத்தங்குடிக் கல் பட்டறை ஒன்றுக்கு இன்றைய விலையில் கணக்குப் போட்டு, மெய் வீதத்தால் கழித்துக் கொடுத்தேன். "எட்டு வருஷமும் ஒரே வரவா, வளர்ச்சியே இல்லையே" என்று ஒரு கிளையில் திருப்பி அனுப்பினார்கள். நேரில் போய் ஒரு மணி நேரம் விளக்கினேன். பிறகு வீட்டுக்கு வந்து எல்லாத் தொகையையும் 5 சதவீதம் ஏற்றி, 12-ஆல் கழித்துக் கொடுத்தேன். விடை ரூபாய் மாறாமல் அதேதான். "இப்போது நன்றாக இருக்கிறது" என்று வாங்கிக்கொண்டார்கள். இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

ஆகவே வங்கிக்குக் கொடுப்பதை ஏற்றிய விலையிலேயே கொடுத்துவிடுங்கள். கடன் தவணை ரூபாயில் நிர்ணயமானது, விலைவாசியோடு ஏறாது. தவணை கட்ட வரவு போதுமா என்று பார்க்கும் பட்டியல் எப்படியும் அந்தந்த ஆண்டு ரூபாயில்தான் இருக்க வேண்டும்.

ஒரு விதிவிலக்கு உங்கள் வழக்கிலேயே இருக்கிறது. இரண்டு அறிக்கைகளும் அதைப் பார்க்கவில்லை, நானும் முதல் வாசிப்பில் தவறவிட்டேன். வீட்டை நீங்கள் ஒருவரே நடத்துவதற்காக, பங்காளிகளுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் கொடுப்பதாக ஒப்பந்தம் எழுதியிருக்கிறீர்கள். 11 லட்சத்தில் இந்த 2 லட்சம் போகத்தான் 9 லட்சம். ஆனால் இந்த 2 லட்சம் மற்றச் செலவுகளைப் போன்றதில்லை. கொத்தனார் கூலி ஏறும், அரிசி விலை ஏறும். ஒப்பந்தத்தில் '2 லட்சம்' என்று எழுதிவிட்டால் எட்டாம் ஆண்டிலும் அதே 2 லட்சம்தான். எட்டாம் ஆண்டில் நீங்கள் எண்ணிக் கொடுக்கும் அந்தத் தொகை, இன்றைய விலைக்கு 1 லட்சத்து 35 ஆயிரம்தான் பெறும். 'இன்றைய விலையில் 2 லட்சம்' என்று ஒவ்வோர் ஆண்டும் எழுதினால், பங்காளிகளுக்கு விலைவாசியோடு ஏற்றிக் கொடுப்பதாக நீங்களே ஒப்புக்கொண்டதாகிறது.

அதனால் இதைத் தனியே பிரியுங்கள். 11 லட்சம் விலைவாசியோடு ஏறக்கூடியது, அதை 6.67-ஆல் கழித்தால் எட்டு ஆண்டுக்கும் 66.54 லட்சம். 2 லட்சம் ரூபாயில் நிலைத்தது, அதை 12-ஆல் கழித்தால் 9.94 லட்சம். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் 56.6 லட்சம். உங்கள் மிச்சம் 4.44 இல்லை, சுமார் 6.6 லட்சம். இரண்டு வீதம் பயன்படுத்தியதால் கலப்படம் ஆகவில்லையா என்று கேட்பீர்கள். ஆகவில்லை, ஒவ்வொரு தொகையும் தனக்குரிய வீதத்தோடுதான் சேர்ந்திருக்கிறது. குழப்பமாக இருந்தால் ஏற்றிய விலையில் பட்டியல் போட்டு, 2 லட்சத்தை மட்டும் ஏற்றாமல் விட்டு, எல்லாவற்றையும் 12-ஆல் கழியுங்கள். அதே தொகை வரும்.

விலைவாசி 5 என்பது என் ஊகம். ரிசர்வ் வங்கியின் இலக்கு 4 சதவீதம், மேலும் கீழும் 2 அனுமதி. 4 என்று வைத்துக்கொண்டு, வட்டியை 12-லேயே விட்டால் மிச்சம் 4 லட்சத்துக்கு இறங்கும். அதைவிட முக்கியம், உங்கள் ஊரில் அறை வாடகை உண்மையில் விலைவாசியோடு ஏறுகிறதா என்பது. பக்கத்தில் விடுதி நடத்தும் இரண்டு வீடுகளில், ஐந்து ஆண்டுக்கு முன் என்ன வாடகை வாங்கினார்கள் என்று விசாரியுங்கள். ஏறவில்லையென்றால் 4,000-ஐ எல்லா ஆண்டுக்கும் இன்றைய விலை என்று எழுத உங்களுக்கு உரிமையில்லை.

நீங்கள் அனுப்பிய ஒப்பந்தத்தின் நகலில் இரண்டாம் பக்கம் இல்லை. பங்காளிகளுக்கான தொகை மூன்றாண்டுக்கு ஒருமுறை கூடும் என்று அதில் ஏதாவது வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது ஆண்டுதோறும் விலைவாசியோடு ஏறும் என்று எழுதியிருந்தால் 6.6-ஐ மறந்துவிட்டு 4.44-க்குத் திரும்பிவிடுங்கள்.