வேலை அனுபவம் இல்லாத எஸ்ஓசி ரெஸ்யூமில் வீட்டு லேபை எழுதுவது எப்படி?

"வேலை அனுபவம் கிடையாது. வீட்டு லேப், ஒரு சர்டிஃபிகேட், ரெண்டு சிடிஎஃப் போட்டி மட்டும்தான் இருக்கு. எஸ்ஓசி ஃப்ரெஷர் வேலைக்கு ரெஸ்யூம்ல இதை எப்படிப் போடுறது?"

லேபில் என்னென்ன நிறுவினீர்கள் என்று அடுக்காதீர்கள். எஸ்ஓசி முதல் நிலையில் வேலையே, வந்த அலர்ட் உண்மையா இல்லையா என்று முடிவெடுப்பதுதான். அப்படி ஒரு முடிவை நீங்கள் எடுத்திருப்பது அந்த வரியில் தெரிய வேண்டும்.

உங்கள் லேபில் ஒரு விண்டோஸ், ஒரு காளி லினக்ஸ், லாகுகளைத் திரட்டி விதிப்படி அலர்ட் தரும் ஒரு Wazuh சர்வர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 16 ஜிபி ரேம் இருந்தால் மூன்றும் ஓடும். 8 ஜிபியில் திணறும். காளியிலிருந்து விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்புக்குத் தப்பான பாஸ்வேர்டுகளை வரிசையாக அனுப்புங்கள். ஒவ்வொரு தோல்வியும் செக்யூரிட்டி லாகில் 4625 என்று பதிவாகும். ரிமோட் டெஸ்க்டாப் என்றால் லாகான் டைப் 10 என்று எல்லா இடத்திலும் படித்திருப்பீர்கள். அதை நம்பி 10-ஐ மட்டும் தேடும் விதி எழுதினால் அலர்ட் வராது. NLA இயங்கும்போது, திரை திறக்கும் முன்பே நெட்வொர்க் வழியாகப் பாஸ்வேர்டு சரிபார்க்கப்படுகிறது. அதனால் தோல்வி டைப் 3 என்று விழுகிறது.

விதியில் 3-ஐச் சேர்த்தால் அடுத்த சிக்கல் வரும். பகிர்ந்த ஃபோல்டருக்குப் பழைய பாஸ்வேர்டு சேமித்து வைத்திருக்கும் மெஷினும் டைப் 3 தோல்விகளையே தரும். அதனால்தான் ஐபி, எண்ணிக்கை, நேரம் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ரெஸ்யூமில் (ஆங்கிலத்தில்) இப்படி வரட்டும்:

"ரிமோட் டெஸ்க்டாப் பாஸ்வேர்டு தாக்குதலுக்கு Wazuh விதி எழுதினேன்: ஒரே ஐபி, 2 நிமிடத்தில் 5 தோல்வி. NLA காரணமாக டைப் 10 விதி தவறவிட்டதைக் கண்டு, டைப் 3 சேர்த்துத் திருத்தினேன்."

கூடவே விதியும் லாக் படமும் உள்ள கிட்ஹப் லிங்க். நேர்காணலில் கேள்வி பெரும்பாலும் இந்த வரியிலிருந்துதான் கிளம்பும். நீங்களே செய்திருந்தால் பதில் தானாக வரும்.

இதை "பிராஜெக்ட்ஸ்" தலைப்பில் மட்டும் போடுங்கள். "எக்ஸ்பீரியன்ஸ்" என்று போட்டால், பின்னணிச் சரிபார்ப்பில் ரிலீவிங் லெட்டர் கேட்பார்கள். இல்லையென்றால் பொய் சொன்னதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

சர்டிஃபிகேட்டில் தேர்வுக் குறியீட்டையும் சரிபார்ப்பு லிங்கையும் கொடுங்கள், உதாரணமாக செக்யூரிட்டி பிளஸ், SY0-701. இன்னும் எழுதவில்லை என்றால், பதிவு செய்த தேர்வுத் தேதியைப் போடுங்கள். வீடியோ பார்த்து முடித்ததற்குக் கிடைத்த சான்றிதழை இதோடு கலக்காதீர்கள்.

சிடிஎஃபில் "கலந்துகொண்டேன்" என்பது எதையும் சொல்வதில்லை. எத்தனை அணிகளில் எத்தனையாவது இடம், அதில் நீங்கள் தனியாக அவிழ்த்தவை எவை என்று எழுதுங்கள். எஸ்ஓசி வேலைக்கு ஃபாரன்சிக்ஸ் புதிர்களே நேரடியாகப் பொருந்தும், குறிப்பாகப் பாக்கெட் பிடிப்புக் கோப்பை அலசும் வகை. அதில் ஒன்றுக்காவது ரைட்டப் எழுதி லிங்க் கொடுங்கள், போட்டி முடிந்த பிறகு மட்டும்.