முள்ளும் வேண்டாம், குப்பை எண்ணும் வேண்டாம் என்றால் epsilon எவ்வளவு?

கேள்வி: 40 கிணறுகளின் நீர்மட்டத்தை வைத்து ஒவ்வொரு கிணற்றின் மேலும் ஒரு மணிவடிவ மேட்டை வைத்துக் கூட்டும் காசியன் ஆர்பிஎஃப் முறையில் வரைபடம் போட்டேன். மேட்டின் அகலத்தைத் தீர்மானிக்கும் epsilon-ஐ 1 வைத்தால் ஒவ்வொரு கிணற்றிலும் முள் மாதிரி நிற்கிறது. குறைத்தால் அழகாகிறது, இன்னும் குறைத்தால் கண்டபடி எண் வருகிறது. எது சரியான மதிப்பு?

பதில்: உங்கள் ஆயத்தொலைவு மீட்டரில் இருக்கிறது, கிணறுகள் சுமார் 500 மீட்டர் இடைவெளியில் என்று வைத்துக்கொள்வோம். அப்போது epsilon 1 என்றால் ஒரு கிணற்றின் செல்வாக்கு இரண்டு மீட்டரிலேயே செத்துவிடும், முள் வராமல் என்ன செய்யும்? இடைவெளியின் தலைகீழிலிருந்து, அதாவது 1/500-லிருந்து தொடங்குங்கள்:

```
RBFInterpolator(xy, z, kernel='gaussian', epsilon=0.002)
```

SciPy-யின் பழைய `Rbf`-ல் epsilon தூரத்தை வகுக்கும், புதியதில் பெருக்கும். பழைய நிரலிலிருந்து எண்ணை அப்படியே எடுத்துப் போட்டால் விளைவு தலைகீழாகும். இதை ஏன் ஒரே பெயரில் விட்டார்களோ!

இனி, குறைத்தால் ஏன் கெடுகிறது? இரண்டே கிணறு, 500 மீட்டர். 0.002-ல், கிணறுகள் ஒன்றன்மேல் ஒன்று செலுத்தும் செல்வாக்கை வைத்து அமையும் அணியின் நிபந்தனை எண், அதாவது சிறு பிழை விடையில் எத்தனை மடங்கு பெருகலாம் என்பது, சுமார் 2. 0.0002-ல் 200, 0.00002-ல் 20,000. மேடுகள் தட்டையாகத் தட்டையாக அணியின் இரண்டு வரிசையும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுவதுதான் காரணம். 40 கிணற்றில் இது படுவேகமாக ஏறும். நிபந்தனை எண்ணில் எத்தனை பூஜ்யமோ அத்தனை இலக்கம் போச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள், கணினியிடம் இருப்பதே சுமார் 16.

அதனால் epsilon-ஐ பாதி பாதியாகக் குறைத்து, ஒவ்வொரு மதிப்புக்கும் 40 கிணறுகளையும் ஒவ்வொன்றாக மறைத்து, மற்ற 39-ஐ வைத்து அதைக் கணியுங்கள். பிழை குறைந்துகொண்டே வந்து மறுபடி ஏறும். அடிமட்டத்தில் இருக்கும் மதிப்பை எடுங்கள், ஆனால் அங்கே அணியின் `np.linalg.cond` 10¹² தாண்டியிருந்தால், அதற்குக் கீழே வரும்வரை epsilon-ஐப் படிப்படியாகக் கூட்டுங்கள்.

"எங்கள் வரைபடம் கிணறுகளில் 100% பொருந்துகிறது" என்று விற்க வருகிறவரிடம் காசைக் கொடுக்காதீர்கள். இடைக்கணிப்பு என்றாலே தரவுப் புள்ளிகளில் பொருந்தும், முள்வரைபடமும் பொருந்தும். மறைத்துவைத்த கிணறுகளின் பிழையைக் கேளுங்கள், பேச்சை மாற்றுவார்.

அப்புறம் ஒன்று, பக்கத்துப் பக்கத்துக் கிணறுகள். 5 மீட்டரில் இரண்டு இருந்தால், நல்ல 0.002-லேயே அந்த ஜோடி மட்டும் 20,000-ஐக் கொண்டுவந்துவிடும், அதைக் குணமாக்க epsilon-ஐக் கூட்டினால் முள் திரும்பிவிடும். ஒரே கிணறு இரண்டு முறை பதிவாகியிருந்தால் (அலுவலகப் பட்டியல்களில் இது சர்வசாதாரணம், கேட்டால் படிவத்தை மாற்றிக் கேளுங்கள் என்பார்கள்) ஒன்றை நீக்குங்கள். இரண்டும் உண்மையான திறந்த கிணறுகள், மட்டத்தில் சில சென்டிமீட்டர்தான் வித்தியாசம் என்றால் சராசரி போதும். ஒன்று திறந்த கிணறு, மற்றது ஆழ்துளைக் கிணறு என்றால் சராசரி எடுக்கவே கூடாது. அவை வேறு வேறு நீர்ப்படுகையாக இருக்கலாம், தனித்தனி வரைபடம் போடுங்கள்.