டேர்ம், ஹெல்த் கேரசல்: கிளைம் நாள்ல இருந்து தொடங்குங்க

கேள்வி: கல்யாணமாகி ஒரு வருஷம் ஆன ஜோடி, முதல் பாலிசி எடுக்கப் போறாங்க. டேர்ம் இன்சூரன்ஸ், ஹெல்த் இன்சூரன்ஸ் ரெண்டுக்கும் வித்தியாசம் புரியற மாதிரி இன்ஸ்டாகிராமுக்கு ஒரு கேரசல் பண்றேன். எந்த சிலைடுல எதை வைக்கலாம்?

பதில்:

நான் ஒரு ஆஸ்பத்திரியில இன்சூரன்ஸ் டெஸ்க்ல வேலை பார்க்கறேன், அதனால பாலிசி விக்கற பக்கத்துல இருந்து சொல்லாம கிளைம் பக்கத்துல இருந்து சொல்றேன்.

முதல் சிலைடுல 'டேர்ம் உயிருக்கு, ஹெல்த் உடம்புக்கு'ன்னு ரெண்டு கட்டம் போடறதை விட்டுடுங்க, அது எல்லாருக்கும் தெரியும். கிளைம் எப்படி வரும்ங்கறதை அங்க வைங்க. டேர்ம்ல கிளைம் ஒரே ஒரு தடவைதான், கேட்கப்போறது பாலிசி எடுத்தவர் இல்ல, வீட்ல மிச்சம் இருக்கறவங்க, கிடைச்சா முழுத்தொகை இல்லன்னா ஒண்ணும் இல்ல. ஹெல்த்ல கிளைம் எத்தனை தடவை வேணா வரலாம், பெரும்பாலும் நீங்களே உயிரோட இருந்து கேட்பீங்க, முழுத்தொகைங்கற பேச்சே இல்ல, பில்லை வரி வரியா பார்த்து இதுக்கு உண்டு இதுக்கு இல்லன்னு கழிச்சுத்தான் தருவாங்க. இது மனசுல பதிஞ்சா எவ்வளவுக்கு எடுக்கணும், எதைக் கவனிக்கணும்ங்கறது தானா புரிஞ்சுடும்.

ரெண்டாவது சிலைடு பிரீமியம். டேர்ம்ல எந்த வயசுல சேர்றீங்களோ அந்த வயசுக்கான பிரீமியம் கடைசி வரைக்கும் அப்படியே இருக்கும், அதனாலதான் சின்ன வயசுல எடுக்கச் சொல்றது. ஹெல்த் வருஷா வருஷம் புதுப்பிக்கற ஒப்பந்தம், வயசு ஏற ஏற, ஆஸ்பத்திரிச் செலவு ஏற ஏற பிரீமியமும் ஏறும், இன்னைக்கு கட்டற தொகைதான் 50 வயசுலயும்னு நினைச்சுடக் கூடாது. ஆனா ஒரு நல்லது, கிளைம் பண்ணீங்கங்கற ஒரே காரணத்துக்காக ரினியூவல் மறுக்க முடியாது. இன்னொண்ணு, பழைய கேரசலைப் பார்த்து 18% ஜிஎஸ்டின்னு போட்டுடாதீங்க, 2025 செப்டம்பர் 22ல இருந்து தனிநபர் லைஃப், ஹெல்த் பாலிசிக்கு ஜிஎஸ்டி கிடையாது.

அடுத்து தொகை. இங்க 'சம்பளத்தைப் போல 10 மடங்கு'ன்னு ஒரு வரியில முடிச்சுடாம ஒரு ஜோடியை வெச்சுக் கணக்கு காட்டுங்க. நான் ஒரு மாதிரி தர்றேன். கோயம்புத்தூர், புருஷனுக்கு 29 வயசு, சம்பளம் 55,000, மனைவிக்கு 27, சம்பளம் 38,000, வீட்டுக் கடன் பாக்கி 32 லட்சம், பிஎஃப் எஃப்டி எல்லாம் சேர்த்து கையில 6 லட்சம். ஈஎம்ஐ போக அவர் வீட்டுக்கு மாசம் 30,000 தர்றார், அதுல அவரோட சொந்தச் செலவு 6,000 போனா வீட்டுக்கு விழற ஓட்டை மாசம் 24,000, வருஷத்துக்கு 2,88,000. போட்டு வைக்கற பணத்துக்கு வர்ற வட்டியும் விலைவாசி ஏத்தமும் சரிக்குச் சரியாப் போயிடும்னு வெச்சா 25 வருஷத்துக்கு 72 லட்சம். அதோட கடன் 32, பிறக்கப்போற குழந்தை படிப்புக்கு ஒரு 15, மொத்தம் 1 கோடியே 19 லட்சம், கையிருப்பு 6 லட்சத்தைக் கழிச்சா 1 கோடியே 13 லட்சம். 1.25 கோடிக்கு எடுத்தா சரியா இருக்கும்.

அதே கணக்கை மனைவிக்கும் போடுங்க, தயவுசெஞ்சு இதை விட்டுடாதீங்க. நான் பார்க்கற கேரசல்ல எல்லாம் பாலிசி புருஷனுக்கு, பக்கத்துல சிரிச்சுக்கிட்டு நிக்கறது மனைவி. இந்த வீட்ல அவங்க மாசம் 18,000 தர்றாங்க, சொந்தச் செலவு 4,000 போக 14,000, 25 வருஷத்துக்கு 42 லட்சம், கடன்ல அவங்க கட்டற பங்கு ஒரு 12 லட்சம், குழந்தை படிப்பு 15, மொத்தம் 69 லட்சம். 75 லட்சத்துக்கு அவங்க பேர்ல ஒரு தனி டேர்ம் பாலிசி வேணும்.

கடன் இருக்கற வீடுன்னா இன்னொரு விஷயத்துக்கும் இடம் ஒதுக்குங்க. 1874 வருஷத்து திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம், அதோட 6வது பிரிவுப்படி கல்யாணமான ஆம்பள தன் மனைவி, குழந்தை நலனுக்குன்னு எழுதி எடுத்த லைஃப் பாலிசிப் பணம் அவங்களுக்கான டிரஸ்ட் மாதிரி, கடன் கொடுத்தவங்க அதுல கை வைக்க முடியாது. தனியா செலவு எதுவும் இல்ல, ஆனா பாலிசி எடுக்கும்போதே அதுக்கான படிவத்தைச் சேர்த்துக் கொடுத்துடணும், பின்னாடி மாத்த முடியாது. சொந்தத் தொழில்ல கடன் வாங்கிப் புரட்டறவர்னா கண்டிப்பா கேட்கணும்.

டேர்ம்ல 'கட்டின காசு திரும்ப வராதா'ன்னு கமென்ட்ல நிச்சயம் வரும். திரும்பத் தர்ற பிளானும் இருக்கு, ஆனா அதே கவருக்கு பிரீமியம் நல்லாவே கூடும், அந்த அதிகப்படி காசை நீங்களே தனியா சேர்த்து வைக்கலாம்னு ஒரு வரி போதும்.

இப்ப ஹெல்த். நிறைய பேர் என் டெஸ்க்ல வந்து அதிர்ச்சி ஆகறது ரூம் வாடகை விஷயத்துலதான், அதனால ரெண்டு சிலைடு ஆனாலும் பரவாயில்ல, நிதானமா சொல்லுங்க. 5 லட்சம் பாலிசி, ரூம் வாடகைக்கு கவர்ல 1%ன்னு ஒரு வரம்பு, அதாவது ஒரு நாளைக்கு 5,000. ஆஸ்பத்திரியில 8,000 ரூபா தனி ரூம் எடுத்து 4 நாள் இருந்தாங்கன்னு வைங்க. பில் இப்படி: ரூம் 32,000, சர்ஜன், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் எல்லாம் சேர்த்து 1,20,000, மருந்து, டெஸ்ட் 60,000, மொத்தம் 2,12,000. எல்லாரும் போடற கணக்கு 'நாளைக்கு 3,000 கூட, 4 நாளைக்கு 12,000, அதைக் கையில இருந்து கட்டிடலாம்'. ஆனா நடக்கறது வேற. 8,000ல 5,000தான் உங்க தகுதிங்கறதால அதே விகிதத்துல டாக்டர், தியேட்டர் சார்ஜையும் வெட்டுவாங்க, ஏன்னா பெரிய ரூம் எடுத்தா அந்த சார்ஜ் எல்லாமே கூடப் போடற ஆஸ்பத்திரிகள் நிறைய. அப்போ ரூமுக்கு 20,000, 1,20,000க்கு 75,000, மருந்து டெஸ்ட்டை அப்படி வெட்டக்கூடாதுன்னு இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தற ஐஆர்டிஏஐயோட விதி இருக்கறதால 60,000 முழுசா. கம்பெனி தர்றது 1,55,000, கையில இருந்து போறது 57,000. கிளவுஸ் மாதிரி தராத சில்லறை ஐட்டங்களை நான் கணக்குல சேர்க்கவே இல்ல.

பாலிசி வாசகத்துல 'ரூம் ரென்ட் லிமிட்' எங்க இருக்குன்னு தேடச் சொல்லுங்க, சதவீதமாவோ 'ஷேர்டு ரூம் மட்டும்'னோ இருந்தா இந்த வெட்டு உண்டு, வரம்பே இல்லாத பிளான் கிடைச்சா கொஞ்சம் பிரீமியம் கூடினாலும் நான் அதைத்தான் எடுக்கச் சொல்வேன். ஏற்கனவே வரம்புள்ள பாலிசி வெச்சிருக்கறவங்க அட்மிஷன்லயே 'என் தகுதிக்குள்ள ரூம் கொடுங்க'ன்னு கேட்டுட்டா பிரச்சினை இல்ல. ரூமைப் பொறுத்து சார்ஜ் மாறாத ஆஸ்பத்திரியா இருந்தா இந்த விகித வெட்டைப் போடவே கூடாது, அப்படிப் போட்டிருந்தா எழுத்துல கேள்வி கேட்கலாம்.

இளம் ஜோடிக்கு அடுத்த முக்கியமான சிலைடு காத்திருப்புக் காலம். டேர்ம்ல பாலிசி அமலுக்கு வந்ததும் கவர் ஆரம்பம், முதல் 12 மாசத்துல தற்கொலைன்னா மட்டும் முழுத்தொகை வராது. ஹெல்த்ல விபத்தைத் தவிர மத்த நோய்க்கு முதல் 30 நாள் கிடையாது, ஹெர்னியா, கண்புரை மாதிரி பட்டியல்ல இருக்கற நோய்க்கு பெரும்பாலும் 2 வருஷம், ஏற்கனவே இருக்கற நோய்க்கு அதிகபட்சம் 3 வருஷம். பிரசவச் செலவு நிறைய பாலிசியில இருக்கறதே இல்ல, இருந்தாலும் தனியா ஒரு காத்திருப்பு, பல பிளான்ல 2 வருஷம், 3 வருஷம்னு போகும். கர்ப்பம் உறுதியான பிறகு வந்து 'இப்ப எடுத்தா டெலிவரிக்கு கிடைக்குமா'ன்னு கேட்கறவங்களுக்கு என்னால இல்லன்னுதான் சொல்ல முடியுது, சொல்றப்ப கஷ்டமா இருக்கும். அதனால குழந்தை பத்தி யோசிக்கற ஜோடிக்கு ஹெல்த் பாலிசியை இந்த மாசமே பார்க்கச் சொல்லுங்க. அலுவலகத்துல குரூப் இன்சூரன்ஸ் இருக்கு, பிரசவமும் அதுல உண்டுன்னா நல்லது, பிரசவத்துக்கு அதை நம்பலாம், ஆனா வேலையை விட்டா அந்தக் கவர் போயிடும், காத்திருப்பு எல்லாம் முன்னாடியே ஓடி முடிஞ்சிருக்கணும்னா சொந்தமா ஒண்ணும் ஓடிக்கிட்டு இருக்கணும்.

கடைசி விஷயம் ரெண்டுக்கும் பொது, உண்மையைச் சொல்றது. தைராய்டு மாத்திரை, எப்பவோ பண்ண ஆபரேஷன், எப்பயாச்சும் பிடிக்கற சிகரெட், எல்லாத்தையும் பாலிசி கேட்டுக் கொடுக்கற புரோபோசல் ஃபார்ம்ல எழுதணும். பல நேரம் ஃபார்மை நிரப்பறது ஏஜென்ட், போன்லயே எல்லாத்துக்கும் 'இல்ல, இல்ல'ன்னு போட்டுட்டுப் போயிடுவாங்க, அது பாலிசியோட சேர்ந்து வர்ற நகல்ல அப்படியே இருக்கும், யாரும் பிரிச்சுப் பார்க்கறதில்ல. டேர்ம்ல 3 வருஷம் முடிஞ்ச பிறகு இன்சூரன்ஸ் சட்டம் 45வது பிரிவுப்படி எந்தக் காரணம் சொல்லியும் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது, ஹெல்த்ல விடாம 60 மாசம் கட்டின பிறகு மோசடின்னு நிரூபிச்சாத்தான் மறுக்க முடியும். ஆனா அதுக்கு முன்னாடி கிளைம் வந்தா பழைய மருந்துச்சீட்டு, பழைய டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் தோண்டுவாங்க. டேர்ம்ல அதுக்குப் பதில் சொல்ல எழுதிக் கொடுத்தவரே இருக்க மாட்டார், மனைவியோ அப்பா அம்மாவோ ஒண்ணும் தெரியாம முழிப்பாங்க.

அதனால கடைசி சிலைடுல 'லிங்க் பயோல'ன்னு போடாம இதைப் போடுங்க: பாலிசி கைக்கு வந்த நாள்ல இருந்து 30 நாள் ஃப்ரீ லுக், அதுக்குள்ள ரெண்டு பேரும் உட்கார்ந்து புரோபோசல் ஃபார்ம் நகலை வரி வரியா படிச்சு, தப்பா இருக்கற பதிலை மெயில்ல எழுதித் திருத்தச் சொல்லணும், ரூம் வரம்பு பிடிக்கலன்னா திருப்பிக் கொடுத்துடலாம், பாலிசி ஓடின நாளுக்கான பங்கு, மெடிக்கல் டெஸ்ட் செலவு, ஸ்டாம்ப் கட்டணம் இதெல்லாம் போக மிச்சம் திரும்ப வந்துடும்.