லக்சம்பர்க் சட்டம் என்று எழுதியிருந்தால்

"வியன்னாவில் இருக்கிறேன். வீட்டுக்கு ஆன்லைனில் வாங்கிய பொருள் பழுது. லக்சம்பர்க் சட்டம், லக்சம்பர்க் நீதிமன்றம் என்று கடையின் நிபந்தனை. அங்கேதான் போகணுமா?"

வேண்டாம், அந்தக் கடை ஆஸ்திரியர்களைக் குறிவைத்து விற்றிருந்தால். தளம் ஆஸ்திரியாவில் திறக்கிறது என்பது மட்டும் போதாது; .at முகவரி, ஆஸ்திரியாவுக்கென்று விளம்பரம் மாதிரி ஏதாவது வேண்டும், அதையெல்லாம் இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

அப்புறம், நீதிமன்றம் வேறு, சட்டம் வேறு. தகராறுக்கு முன்பே எழுதிய நீதிமன்ற நிபந்தனை, வியன்னாவிலேயே வழக்குப் போடும் உங்கள் உரிமையைப் பறிக்காது. லக்சம்பர்க் சட்டத் தேர்வோ செல்லும். ஆனால் ஒப்பந்தத்தால் விலக்க முடியாதபடி ஆஸ்திரியச் சட்டம் நுகர்வோருக்குத் தரும் பாதுகாப்பு அதோடு கூடவே நிற்கும், இது ஒப்பந்தத்துக்கு எந்த நாட்டுச் சட்டம் என்று தீர்மானிக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோம் 1 ஒழுங்குமுறையின் 6ஆவது பிரிவு. இதைச் சொல்லாமல் லக்சம்பர்க் சட்டம் மட்டுமே என்று நம்பவைக்கும் நிபந்தனை நியாயமற்றது என்று 2016இல் அமேசான் வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது.