பேச்சுத் தேர்வில் தெரியாத தலைப்பு வந்தால்

“ஐஇஎல்டிஎஸ் பேச்சில ‘நீங்கள் பார்த்த ஒரு கலைப்படைப்பு’ என்று வந்தால் வாயே திறக்குதில்லை. திருகோணமலையில நான் எந்த ஓவியத்தைக் கண்டேன்?”

கோணேசர் கோயிலடியில் இருக்கிற பெரிய சிவன் சிலையைச் சொல்லுங்கோ. சிலையும் கலைப்படைப்புத்தான். கோட்டை வாசலால் ஏறும்போது மான்கள், பிறகு கடைகள், மேலே கடலைப் பின்னால் வைத்து நிற்கும் சிலை: இரண்டு நிமிடத்துக்கு இது தாராளம்.

நீங்கள் தடுமாறுவது, தலைப்புக்குத் தலைப்பு புது விஷயம் தேடுவதால் என்று நினைக்கிறன். தயாராக ஒரு நிமிடம்தான் தருவார்கள், அதில் தேட நேரமில்லை. இப்படி நாலைந்து சொந்த உதாரணங்கள் போதும். ‘விருந்தினரைக் கூட்டிப்போகும் இடம்’ என்றாலும் இதே மலைதான். அப்போது சிலை பின்னுக்குப் போகும், வழியும் கடல்காற்றும் முன்னுக்கு வரும். எழுத்தில் ‘கலைக்கு அரசு செலவழிக்கலாமா’ என்று கேட்டால், சிலை பார்க்க வருபவர்களால் பிழைக்கும் அந்தக் கடைக்காரரை எழுதுங்கோ.

போனில் பதிந்து கேளுங்கோ. கேள்வியை மாற்றினாலும் அந்தப் பேச்சு அப்படியே பொருந்தினால், நீங்கள் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

ஒன்று, வசனங்களைப் பாடமாக்க வேண்டாம். ஒப்புவிப்பது பரிசோதகருக்கு உடனே விளங்கும், புள்ளியும் குறையும். விஷயம் மட்டும் கையில் இருக்கட்டும்.