மூன்று பாடம், முப்பது மணி நேரம்

கேள்வி: செமஸ்டருக்கு 30 மணி நேரம்தான் கையில் இருக்கு. கணக்கில் 60, சர்க்யூட்டில் 50, சி புரோகிராமிங்கில் 75 வேணும். ஆளுக்குப் பத்து மணின்னு பிரிச்சா போதுமா?

போதாது. முதலில் ஒவ்வொரு பாடத்திலும் பழைய வினாத்தாளில் ஒரு பகுதியை ஒரு மணி நேரம், புத்தகம் பார்க்காமல் எழுதுங்கள். மூன்று மணி போய்விடும், போகட்டும்; மீதி 27 மணி. நூற்றுக்குக் கணக்கிட்டதில் 42, 41, 69 வந்ததாக வைப்போம். குறைவது 18, 9, 6.

அடுத்து, ஒரு மணிப் படிப்புக்கு எத்தனை மதிப்பெண் ஏறுகிறது என்று முந்தைய தேர்வுகளை வைத்து மதிப்பிடுங்கள். கணக்கிலும் சர்க்யூட்டிலும் ஒன்றரை என்றால் 12 மணி, 6 மணி. சி-யில் ஒன்றுதான், ஏனென்றால் எளிய பகுதிகளை ஏற்கெனவே முடித்தாயிற்று. அதற்கும் 6 மணி. மொத்தம் 24. மிஞ்சும் 3 மணியைச் சர்க்யூட்டுக்குக் கொடுப்பேன், அதில் சறுக்கினால் அரியர்.

கூட்டினால் 27-ஐத் தாண்டுகிறதா? மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளாதீர்கள், மூன்று இலக்கும் தவறும். ஒன்றின் இலக்கை மட்டும் இறக்குங்கள்.

பாதி நேரம் கழிந்ததும் வேறொரு வினாத்தாளில் மறுபடி சோதியுங்கள். சி-யில் 3 மணிக்கு ஒரே மதிப்பெண்தான் ஏறியிருந்தால், மீதி ஐந்துக்கு 15 மணி ஆகும். இறக்க வேண்டிய இலக்கு அதுதான். பிடித்த பாடம் என்பதால் அங்கேயே உட்கார்ந்துவிடுவோம் (நானும் அப்படித்தான்).