Kt வேறு, Kf வேறு: ஷாஃப்ட் கேள்வி-பதில்

எஃகு ஷாஃப்ட்டில் நாட்ச் இருக்கிறது. Kf எவ்வளவு? (ஊட்லண்ட்ஸ்)

நாட்ச் என்ற வெட்டோ படியோ தகைவை எத்தனை மடங்கு கூட்டுகிறது என்பது Kt; திரும்பத் திரும்ப வரும் சுமையில் எஃகு உண்மையில் உணரும் மடங்கு Kf. முனை ஆரமும் எஃகின் இழுவலிமையும் இல்லாமல் அதை யாராலும் சொல்ல முடியாது. அளந்து எழுதுங்கள்.

q-வை எப்போதும் 1 என்று வைத்துக்கொள்ளலாமா? (பிடோக்)

q என்பது நாட்ச்சை எஃகு எவ்வளவு உணர்கிறது என்ற அளவு; 1 என்றால் Kt முழுவதையும். வடிவமைப்புக்கு அப்படி வைக்கலாம், தப்பில்லை. உடைந்ததற்குக் காரணம் தேடும்போது மட்டும் வேண்டாம்.

கணினியில் ஃபில்லெட் முனையில் 200 மெகாபாஸ்கல் வந்தது. அதை Kf = 2-ஆல் பெருக்கினேன், 400. ஷாஃப்ட் தாங்காதே? (ஜூரோங் வெஸ்ட்)

மாதாமாதம் இந்தக் கடிதம் வருகிறது. அந்த 200-க்குள் Kt ஏற்கெனவே இருக்கிறது, ஐயா! அதன் மேல் Kf போட்டால் ஒரே நாட்ச்சுக்கு இரண்டு முறை கணக்கு.

உங்கள் ஷாஃப்ட்டையே எடுப்போம். 50 மிமீ விட்டம் 40-ஆகக் குறையும் படி, முனை ஆரம் 0.5 மிமீ. சுழலும்போது வளைவினால் 40 மிமீ பகுதியில், நாட்ச்சைக் கணக்கில் எடுக்காத தகைவு ±80 மெகாபாஸ்கல். அட்டவணையில் Kt சுமார் 2.5, உங்கள் 200 அப்படித்தான் வந்தது. ஆனால் அந்த உச்சம் மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய அடுக்கில்தான்; கொஞ்சம் உள்ளே போனாலே தகைவு சரிந்துவிடும். அதனால் எஃகு முழு Kt-யையும் உணர்வதில்லை. எவ்வளவு உணர்கிறது என்பதுதான் q.

`q = 1/(1 + a/r)`
`Kf = 1 + q(Kt − 1)`

இதில் r முனை ஆரம், a எஃகின் வலிமையைப் பொறுத்த ஒரு நீளம். இழுவலிமை 600 மெகாபாஸ்கல் உள்ள எஃகுக்கு a சுமார் 0.24 மிமீ. q 0.68, Kf 2. ஆக ஒப்பிட வேண்டியது 80 × 2 = 160. எத்தனை முறை சுழன்றாலும் உடையாத தகைவான அயர்வு வரம்பு இழுவலிமையில் பாதி, 300. கடைசல் மேற்பரப்புக்கும் அளவுக்கும் கழித்தால் 200 சொச்சம். தாங்கும், ஆனால் தாராளமாக இல்லை. Kf-ஐத் தகைவில் பெருக்கிவிட்டு வரம்பையும் அதால் வகுப்பவர்களும் உண்டு. ஒரே இடத்தில் போடுங்கள்.

இன்னொன்று, ஆரமே இல்லாத கூர்முனையைக் கணினி மாதிரியில் வரைந்துவிட்டு அங்கே வரும் எண்ணை நம்பாதீர்கள். மாதிரியைத் துண்டுகளாகப் பிரிக்கும் மெஷ்ஷைச் சிறிதாக்கச் சிறிதாக்க அது ஏறிக்கொண்டே போகும்.

1200 எஃகுக்கு மாறினால் பலம் இரட்டிக்குமா? (துவாஸ்)

இரட்டிக்காது. வலிமை கூடினால் நாட்ச்சை அதிகம் உணரும்: அதே 0.5 ஆரத்தில் q 0.88, Kf 2.3. மேற்பரப்புக் கழிவும் கூடும். ஆரத்தை 2 மிமீ ஆக்கினால் Kt 1.9-க்கு இறங்கும். அப்போது 1200 எஃகில் Kf சுமார் 1.9, 600 எஃகிலோ 2-லிருந்து 1.8-தான். ஆரம் பெருக்கும் செலவு வலுவான எஃகுக்கே அதிகம் பலன் தரும்.

வரைபடத்தில் R2 இருந்தால் போதாது. கடைசலில் வெட்டும் இன்சர்ட்டின் 0.4 மிமீ நுனி ஆரத்தோடு மூலையை முடித்துவிடுகிறார்கள். ரேடியஸ் கேஜ் வைத்துப் பாருங்கள்.

சாம்பல் வார்ப்பிரும்புக்கு? (ஈசூன்)

q 0.2 போதும். உள்ளே இருக்கும் கிராஃபைட் செதில்களே ஏற்கெனவே நாட்ச்தான்.